முகட்டுக்குப் பெயர் வைக்கும் முன்

(காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறையினரும் நெசவாளர்களும் வேதியியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்குப் போகிறது. சில நாளில் ஒரு தாள் திரும்பி வருகிறது. ‘ஆர்த்தோ டொலுயிடின்: கிலோவுக்கு 36 மில்லிகிராம். வரம்பு 30. தேறவில்லை.’ ஒரு ஏற்றுமதி ஆர்டர் நிற்பதற்கு இந்த ஒரு வரி போதும். சாயம் போட்டவர் தலையில் பழி விழும். அந்த 36 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆய்வகம் ஒரு வரைபடத்தை எடுத்து நீட்டும். கிடையாக ஒரு கோடு, அதிலிருந்து ஆங்காங்கே எழும்பும் முகடுகள். குரோமட்டோகிராம் என்று அதற்குப் பெயர். அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். மேலே சொன்ன சேலை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட உதாரணம். அதில் வரும் சிக்கல் மட்டும் ஆய்வகங்களில் நிஜமாகவே வருவது.

முதலில், இந்தச் சோதனை எதற்கு? அசோ சாயங்கள் என்ற பெருங்குடும்பத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலமாக நிற்கும். நிறம் அந்தப் பாலத்தால்தான் கிடைக்கிறது. பாலம் அறுந்தால் இரு பக்கமும் அமீன்கள் விடுபடும். எல்லா அமீனும் கேடல்ல. ஆனால் பென்சிடின், ஆர்த்தோ டொலுயிடின் போன்ற சில, சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்குபவை. பிராங்க்ஃபர்ட்டில் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே எடுத்துச் சொன்னார். பாதிக்கப்பட்டவர்கள் துணி உடுத்தியவர்கள் அல்லர், சாயத்தோடு வேலை பார்த்தவர்கள். சாயத் தொட்டியில் கை வைக்கும் உங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவிலும் 1990-களில் இத்தகைய அமீன்களைத் தரும் சாயங்களுக்குத் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, துணியில் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது.

சாயங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றாகத் தேடுவது நடக்காத காரியம். அதனால் ஆய்வகம் சாயத்தைத் தேடுவதில்லை. பாலத்தை அறுத்துவிட்டு, விடுபடும் அமீனைத் தேடுகிறது. அறுப்பதற்குப் பயன்படுவது சோடியம் டைதயோனைட். நிறம் சரியாக ஏறாத பட்டை வெளுத்து மறுபடி சாயம் போட உங்கள் பட்டறையில் ஹைட்ரோஸ் வைத்திருப்பீர்களே, அதேதான். ஒரு கிராம் துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி, 70 டிகிரிச் சூட்டில் pH 6 கரைசலில் அரை மணி ஊற வைப்பார்கள். பிறகு ஹைட்ரோஸ் கரைசலைச் சேர்த்து மேலும் அரை மணி. நிறம் மங்கும். கரைசலைக் குளிரவைத்து, விடுபட்ட அமீன்களை ஈதர் வகைக் கரைப்பானில் இறக்கி, அந்தக் கரைப்பானை ஆவியாக்கிச் சுருக்கி, கடைசியில் 2 மில்லிலிட்டர் கரைசலாக்குவார்கள். ஒரு கிராம் துணியிலிருந்து 2 மில்லிலிட்டர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அரக்கு நிறம் ஒரு காலத்தில் அரக்குப் பூச்சியின் சிவப்பிலிருந்தே வந்தது. அந்தச் சிவப்பில் அசோ பாலம் கிடையாது. ஹைட்ரோஸ் அதில் அறுக்க எதுவும் இல்லை. இன்று அதே நிறத்தைப் பல செயற்கைச் சாயங்களைக் கலந்து எடுக்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, வரைபடத்தில் ஒன்றல்ல.

இனி கருவி. எச்.பி.எல்.சி.யின் இதயம் கால் மீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுக் குழாய். உள்ளே ஐந்து மைக்ரான் அளவுள்ள சிலிக்கா மணிகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். மணிகளின் மேல் எண்ணெய்த்தன்மையுள்ள கரிமச் சங்கிலிகள் முளைத்திருக்கும். நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில், மிகுந்த அழுத்தத்தோடு, அதன் வழியே ஓடுகிறது. நம் கரைசலில் பத்து மைக்ரோலிட்டரை அந்த ஓட்டத்தில் விடுகிறோம். காந்தி சாலையில் இருவர் ஒன்றாக நடக்கத் தொடங்கி, ஒருவர் ஒவ்வொரு பட்டுக்கடை வாசலிலும் நின்று நின்று போனால் மற்றவர் முந்திவிடுவார் அல்லவா? மூலக்கூறுகளும் அப்படித்தான். மணியின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆசை கூடியது பிந்துகிறது. குழாயின் வாயில் ஓர் உணர்வி, வெளியே வரும் நீர்மம் புறஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் வராதபோது அடிக்கோடு. ஒரு பொருள் வரும்போது கோடு ஏறி இறங்குகிறது. அதுதான் முகடு.

கரைசலை விட்ட கணத்திலிருந்து முகட்டின் உச்சி வரை ஆகும் நேரம் தங்கும் நேரம். மணிகளில் சற்றும் ஒட்டாத பொருளும் இத்தகைய குழாயைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை நிமிடம் எடுக்கும், ஏனென்றால் மணிகளுக்கு இடையிலும் அவற்றின் துளைகளிலும் உள்ள வெற்றிடத்தின் கொள்ளளவே அவ்வளவு. அதற்கு முன் எழும் எதையும் நம்பக் கூடாது. அதன் மேலேயே எழுவதும் பிரிக்கப்படாத கூட்டம்தான்.

தூய ஆர்த்தோ டொலுயிடினை விட்டுப் பார்க்கிறோம். 11.60 நிமிடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலையின் கரைசலை விடுகிறோம். 11.5 நிமிடம் போல ஒரு முகடு. இரண்டும் ஒன்றா?

தங்கும் நேரம் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பொருள் இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒத்துப்போனால், அதுவாக இருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம். ஒரே நேரத்தில் வரக்கூடிய பொருள்கள் உலகில் ஏராளம். ஓட்டத்துக்கு ஓட்டம் நேரமும் கொஞ்சம் நகரும், அந்த நகர்வைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லா முகடுகளும், ஒட்டாத பொருளின் முகடு உட்பட, ஒரே விகிதத்தில் பிந்தினால் பம்பில் ஒழுக்கு இருக்கிறது, ஓட்டம் குறைந்துவிட்டது. ஒட்டாத பொருள் இடத்திலேயே இருந்து மற்றவை நகர்ந்தால் குழாயின் சூட்டையோ நீர்மக் கலவையையோ சந்தேகிக்கலாம். அமீன்கள் மட்டும் நகர்ந்து நடுநிலைப் பொருள்கள் நகராவிட்டால் pH-ஐப் பாருங்கள். டொலுயிடின்கள் pH 4.5, 5 அருகில் பாதி மின்னேற்றம் பெற்ற நிலையில் இருக்கும், மின்னேறியவை எண்ணெய்த்தன்மையுள்ள மணியில் ஒட்டாது. அந்தப் பகுதியில் நீர்மம் கலந்தவர் கை சிறிது தவறினாலும் நேரம் தாவும். அதனால்தான் pH-ஐ 7-க்கு அருகில் வைத்து இந்த வேலையைச் செய்கிறார்கள்.

நேரம் ஒத்துப்போனபின் ஐயம் தீர்க்க வழக்கமான வழி ஒன்று உண்டு. டயோடு வரிசை உணர்வி, முகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் முழுப் புறஊதா நிறமாலையையும் பதிவு செய்யும். பென்சிடினாக இருந்தால் அதன் நிறமாலை நல்ல சாட்சி. அடுத்து நிறைமாலைக் கருவியும் உண்டு, மூலக்கூறின் எடையைச் சொல்லிவிடும். பல அமீன்களுக்கு இவை போதும். ஆனால் நம் ஆர்த்தோ டொலுயிடினுக்கு ஒரு தம்பி இருக்கிறான்: பாரா டொலுயிடின். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. மீத்தைல் குழு ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. எடை இரண்டுக்கும் 107. நிறைமாலையில் சிதறும் துண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. புறஊதா நிறமாலையில் வேறுபாடு மிகச் சிறிது, செறிவு குறைந்த கரைசலில் இரைச்சலில் மறைந்துவிடும். ஆனால் ஆர்த்தோ தடைப் பட்டியலில் இருக்கிறது, பாரா அதில் இல்லை. எடையும் நிறமாலையும் கைவிடும் இடம் இது. இரண்டையும் பிரித்துக் காட்ட நம்மிடம் இருப்பது குழாய் மட்டுமே. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் மையமும் இதுதான்: முகடு பிரியாதவரை அதற்குப் பெயரும் இல்லை, அளவும் இல்லை.

சேலையின் முகட்டை அருகில் போய்ப் பாருங்கள். திரையில் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பெரிதாக்குங்கள். உச்சி 11.60-இல் இல்லை, அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. இறங்கும் பக்கம் சரிவாக இறங்காமல் ஒரு தோள் போலப் புடைத்திருக்கிறது. அகலம் தூய பொருளின் முகட்டைவிடக் கூடுதல். மூன்றும் சேர்ந்தால் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பொருள். உறுதிப்படுத்த, சேலைக் கரைசலின் ஒரு பகுதியில் தூய ஆர்த்தோவைக் கொஞ்சம் சேர்த்து மறுபடி விடுங்கள். இருப்பது ஆர்த்தோ மட்டும் என்றால் முகடு வடிவம் மாறாமல் உயரும். நம் சேலையில் பின்பாதி மட்டும் உயர்ந்து, தோள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தூய பாராவைத் தனியே விட்டால் 11.43-இல் வருகிறது. (எது முந்தும் என்பது குழாயையும் நீர்மத்தையும் பொறுத்தது. நம் உதாரணத்தில் பாரா முந்துவதாகக் கொள்வோம்.)

எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்பதை எண்ணால் சொல்வது பிரிதிறன். இரு உச்சிகளுக்கு இடையே உள்ள தொலைவை, பாதி உயரத்தில் இரு முகடுகளுக்கும் உள்ள அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, 1.18-ஆல் பெருக்க வேண்டும்:

Rs = 1.18 × (t2 − t1) / (w1 + w2)

தொலைவு 0.17 நிமிடம். தனித்தனியே விட்டபோது ஒவ்வொன்றின் அகலமும் 0.20. விடை 0.50. அருகருகே ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் இரு முகடுகளுக்கு 1.5 இருந்தால்தான் நடுவில் கோடு அடிக்கோடு வரை இறங்கும். ஒன்று பெரிதாகவும் மற்றது மிகச் சிறிதாகவும் இருந்தால் 1.5-ம் போதாமல் போகலாம், பெரியதன் வால் சிறியதை மூடிவிடும். 0.50-இல் பள்ளமே தெரியாது.

சரி, 36 எங்கிருந்து வந்தது? முகட்டின் கீழ் உள்ள பரப்பிலிருந்து. பொருள் எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குப் பரப்பு. உயரத்தைவிடப் பரப்பையே நம்புகிறோம், ஏனென்றால் குழாய் பழசாகி முகடு அகன்றால் உயரம் குறைந்துவிடும், பரப்பு பெரிதும் மாறாது. மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம் உள்ள தூய கரைசல் 450 அலகு பரப்பு தருகிறது என்று வைப்போம். ஏன் 15? ஒரு கிராம் துணியில் 30 மைக்ரோகிராம் இருந்தால், அதுதான் கிலோவுக்கு 30 மில்லிகிராம், அது முழுவதும் 2 மில்லிலிட்டரில் வந்தால் மில்லிலிட்டருக்கு 15. வரம்பு இந்தக் கரைசலில்தான் உட்கார்ந்திருக்கிறது. சேலையின் முகடு 540 அலகு. அப்படியானால் 18 மைக்ரோகிராம். இரண்டால் பெருக்கினால் 36. கணக்கில் பிழை இல்லை. இரண்டு பேரின் பரப்பை ஒருவர் கணக்கில் எழுதியதுதான் பிழை. மென்பொருள் அதைக் கண்டுபிடிக்காது. ஏற்றமும் இறக்கமும் இருந்தால் அதற்கு ஒரு முகடு, அவ்வளவே.

சிலர் இந்த இடத்தில் தோளுக்குக் கீழே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு என்று பிரித்துவிடுவார்கள். பள்ளம் தெளிவாக இருந்து இரண்டும் சம அளவில் இருந்தால் அது ஏறக்குறைய நியாயம். பள்ளமே இல்லாத இடத்தில் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது போடுபவர் விருப்பம். விருப்பத்தின்மேல் ஒருவர் தொழிலை நிறுத்தக் கூடாது. கோட்டை நகர்த்துவதை விட்டுவிட்டு முகடுகளை நகர்த்த வேண்டும்.

நகர்த்தும் வழி இதுதான். மெத்தனால் அளவு ஓட்டத்தினூடே கூடிக்கொண்டே போகும் ஏற்பாடு இருக்கிறது. அதை மெதுவாகக் கூட்டினால் இரு அமீன்களும் மணிகளோடு கூடுதல் நேரம் கொடுக்கல் வாங்கல் நடத்தும், இடைவெளி விரியும். போதாவிட்டால் மெத்தனாலுக்குப் பதில் அசிட்டோநைட்ரைல், அல்லது மணிகளின் மேல் வேறு தன்மையுள்ள குழாய். நம் உதாரணத்தில் மெதுவாக்கியதே போதுமானதாக வைப்போம். பாரா 14.10-இல், ஆர்த்தோ 14.66-இல். அகலம் அதே 0.20. பிரிதிறன் 1.65. நடுவில் கோடு தரை தொடுகிறது. இப்போது ஆர்த்தோவின் பரப்பு 240, பாராவுடையது 300. 240 என்றால் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம், கிலோவுக்கு 16 மில்லிகிராம்.

36 போய் 16 வந்துவிட்டது. சேலை தேறிவிட்டது என்று இங்கே எழுந்து போக ஆசையாக இருக்கும். நான் போக விடமாட்டேன்.

துணியில் இருந்த ஆர்த்தோ முழுவதும் அந்த 2 மில்லிலிட்டருக்கு வந்து சேர்ந்ததா? இந்த அமீன் எளிதில் ஆவியாகும். ஈதரைச் சுருக்கும்போது அதோடு சேர்ந்து பறந்துவிடும். இதற்கு மற்ற பல அமீன்களைவிடக் குறைந்த மீட்பே போதும் என்று சோதனை முறையே இடம் கொடுத்திருக்கிறது. அதனால் சாயமே போடாத வெள்ளைப் பட்டு ஒரு கிராம் எடுத்து, அதில் 30 மைக்ரோகிராம் ஆர்த்தோவை நாமே சேர்த்து, அதே வழியில் முழுவதும் நடத்திப் பார்க்க வேண்டும். 450 வர வேண்டும். 240 வந்தது என்று வையுங்கள். பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் மீண்டிருக்கிறது. வரம்பு அளவு சேர்த்த பட்டும் 240, நம் சேலையும் 240! அப்படியானால் சேலை வரம்பின் விளிம்பில் நிற்கிறது.

இதற்குமேல் வரைபடத்தைத் துருவிப் பயனில்லை, சுருக்கும் மேசைக்குத் திரும்ப வேண்டும். உலரும் வரை ஆவியாக்காமல், குறைந்த சூட்டில், ஒரு மில்லிலிட்டர் மிஞ்சும்போதே நிறுத்தி, இரண்டையும் புதிதாகச் செய்கிறோம். இம்முறை நாம் சேர்த்த பட்டு 390 தருகிறது, அதாவது நூற்றுக்கு 87. சேலை 360 தருகிறது, அதாவது கிலோவுக்கு 24. இழந்ததையும் கணக்கில் சேர்த்தால் 28-ஐ ஒட்டி. வரம்புக்குள்தான். ஆனாலும் அந்தச் சாயத்தை மாற்றிவிடுங்கள் என்றே நான் பட்டறைக்குச் சொல்வேன். அடுத்த தொட்டியில் நிறம் கொஞ்சம் ஆழமாகப் போனால் 30-ஐத் தாண்டிவிடும். தொட்டியின் முன் நிற்பவருக்கு அந்த வரம்பும் காவல் இல்லை, அது உடுத்துபவருக்காக வைத்தது.

இதே வெள்ளைப் பட்டை ஒன்றும் சேர்க்காமலும் ஓட்டியிருக்க வேண்டும். பட்டின் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் உண்டு. அது அமீன்களைப் பார்க்கும் அதே 280 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். சூட்டில் சிறிது கரைந்து வந்தாலும் வரைபடத்தில் தலைகாட்டலாம். வெள்ளைப் பட்டிலும் சேலையிலும் ஒரே இடத்தில் எழும் முகடு சாயத்துடையது அல்ல.

காஞ்சிப் பட்டுக்கே உரிய ஒரு சிக்கலோடு முடிக்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானை இன்னொன்று. செலவைக் குறைக்க மூன்று நிறத்திலும் மூன்றில் ஒரு கிராம் எடுத்து ஒன்றாகப் போட்டுச் சோதிப்பது உண்டு. அப்போது கரையில் மட்டும் 30 இருந்தால் கலவையில் 10 என்றுதான் காட்டும். 10 என்ற எண்ணைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது, மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு சோதனைத் தாள் உங்கள் கைக்கு வந்தால், இது ஒரு நிறமா, கலவையா என்று முதலில் கேளுங்கள். தூய பொருள், வெள்ளைப் பட்டு, சேலை, மூன்றின் வரைபடமும் ஒரே கால அளவுகோலில் வேண்டும் என்று கேளுங்கள். ஆர்த்தோ டொலுயிடின் என்று எழுதியிருந்தால் பாராவோடு உள்ள பிரிதிறன் எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்புறம் ஜரிகை. அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், வெள்ளிக் கம்பியை அதன்மேல்தான் சுற்றுகிறார்கள். நீங்கள் ஜரிகை அசலா என்று பார்ப்பதே இந்தச் சிவப்பை வைத்துத்தானே? அந்தச் சிவப்பும் ஒரு சாயம், சேலையின் நான்காவது நிறம். உங்கள் பட்டறையில் போட்டதல்ல, ஜரிகையோடு வெளியிலிருந்து வந்தது. ஜரிகையை ஒதுக்கிவிட்டுத் துணியை மட்டும் வெட்டினால் இது சோதனைக்கே வராது. கரையோடு சேர்த்து வெட்டினால், ஒரு கிராம் என்று நிறுத்ததில் பெரும்பங்கு உலோகத்தின் எடையாகப் போய், பட்டில் உள்ள அமீன் பல மடங்கு குறைவாகத் தெரியும். ஜரிகையைப் பிரித்து, கம்பியை உரித்து, சிவப்பு நூலை மட்டும் தனியே எடைபோட்டு அனுப்புங்கள். உரிப்பது பொறுமை கேட்கும் வேலை, அது ஆய்வகத்தில் இருப்பவரைவிட உங்கள் விரல்களுக்கு நன்றாக வரும்.